ஃபைப்ரோமயால்ஜியாவோடு நடவுக்குப் போக முடியுமா?

மன்னார்குடி பக்கம் கிராமம். அம்மாவுக்கு 46 வயது, நடவு வேலை. ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என உடம்பெல்லாம் வலி. தூங்கி எழுந்தாலும் அசதி போவதில்லை.

ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. வாதநோய் மருத்துவர் 19 இடங்களைக் கேட்டு எண்ணினார், 11-இல் வலி. அசதி, தூக்கம், மறதி முதலானவற்றுக்கு 12-க்கு 8 மதிப்பெண். ஃபைப்ரோமயால்ஜியா என்றார். மூட்டு கெடவில்லை, நரம்பு மண்டலம் வலியைப் பெருக்குகிறது, ஆனால் வலி நிஜம்தான் என்றார். வீட்டில் சிலர் இதை இன்னும் நம்பவில்லை.

ஊசி, தைலம், முழு ஓய்வு எதுவும் பலிக்கவில்லை. தினமும் 10 நிமிட நடையும் நேரத்துக்குத் தூக்கமும் கொஞ்சம் உதவுகின்றன. ஆனால் வலி குறைந்த நாளில் முழுநேரமும் குனிந்து நட்டால், அப்புறம் பல நாள் படுக்கைதான்.

சம்பா நடவு வரப்போகிறது. இந்த நோயோடு குனிந்து செய்யும் வேலைக்குத் திரும்பியவர்கள், முதல் வாரம் எவ்வளவு நேரத்தில் தொடங்கி எப்படிக் கூட்டினீர்கள்?