எங்கள் பள்ளி 91, பக்கத்துப் பள்ளி 86: ஆனால் இரண்டு வழியிலும் அவர்கள்தான் மேலே, எப்படி?

தேன்மொழி
என் மகள் படிக்கும் உதவி பெறும் பள்ளி வாசலில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள்: 91 சதவீதம் தேர்ச்சி. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளி 86 சதவீதம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பதால் இரண்டு பள்ளிகளின் விவரத்தையும் கேட்டு வாங்கினேன்.

எங்கள் பள்ளி: ஆங்கில வழியில் 160 பேர் எழுதி 152 பேர் தேர்ச்சி (95%). தமிழ் வழியில் 40 பேரில் 30 பேர் (75%).
அரசுப் பள்ளி: ஆங்கில வழியில் 50 பேரில் 49 பேர் (98%). தமிழ் வழியில் 150 பேரில் 123 பேர் (82%).

இரண்டு வழியிலும் அரசுப் பள்ளிதான் மேலே. அப்புறம் மொத்தத்தில் மட்டும் நாங்கள் எப்படி மேலே வந்தோம்? கணக்கில் எங்கேயாவது தப்பு இருக்கிறதா?

சுப்பு
தப்பு இல்லை, மோசடி. 95-ஐயும் 75-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 85. அரசுப் பள்ளிக்கு 98-ம் 82-ம் சேர்ந்து 90. உங்கள் பள்ளி 85-ஐ 91 ஆக்கிவிட்டது, அவ்வளவுதான். முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்
சுப்பு தம்பி, மனு எழுதுவதற்கு முன் தலைகளை எண்ணுங்கள். 152-ம் 30-ம் 182. எழுதியவர்கள் 200. 91 சதவீதம் சரி. 49-ம் 123-ம் 172, அது 86. இரண்டு பள்ளியும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

இரண்டு சதவீதங்களைக் கூட்டிப் பாதியாக்குவது, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் பிள்ளைகள் இருந்தால் மட்டுமே செல்லும். தேன்மொழியின் பள்ளியில் ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் ஆங்கில வழி. அரசுப் பள்ளியில் நான்கு பேரில் மூன்று பேர் தமிழ் வழி. கூட்டம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, மொத்தச் சதவீதம் அந்தப் பக்கம் சாயும். 91-ஐப் பாருங்கள்: 95-க்கு 4 கீழே, 75-க்கு 16 மேலே. 86 அப்படியில்லை: 82-க்கு 4 மேலே, 98-க்கு 12 கீழே. ஒன்று மேல் படியை ஒட்டி நிற்கிறது, மற்றது கீழ்ப் படியை ஒட்டி நிற்கிறது. மேல் படி யாருடையது உயரம் என்று ஃப்ளெக்ஸ் சொல்லவில்லை. யார் எந்தப் படியில் அதிகம் நிற்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது.

ஒரு கணக்குப் போடலாம். அரசுப் பள்ளியின் 200 பிள்ளைகளும் உங்கள் பள்ளியின் விகிதத்தில் தேறினால் என்ன ஆகும்? ஆங்கில வழி 50 பேரில் 95 சதவீதம், தமிழ் வழி 150 பேரில் 75 சதவீதம். மொத்தம் 160 பேர், அதாவது 80 சதவீதம். அதே பிள்ளைகளில் அரசுப் பள்ளி 172 பேரைத் தேற வைத்திருக்கிறது.

அருள்
ஐயா, கூட்டல் வகுத்தல் புரிகிறது. ஆனால் 182 பிள்ளைகள் தேறினார்கள் என்பது நிஜம்தானே? மதிப்பெண் பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது. என் தங்கை ஒரு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. பத்தாம் வகுப்பு என்றால் இரவு எட்டு மணி வரை ஸ்பெஷல் கிளாஸ். அந்த உழைப்பை ஒரு பிரிவினையைக் காட்டி அழிப்பது நியாயமில்லை.

அப்புறம், ஏன் தமிழ் வழி, ஆங்கில வழி என்று பிரிக்க வேண்டும்? ஆண், பெண் என்று பிரிக்கலாம். பஸ்ஸில் வருகிறவர்கள், நடந்து வருகிறவர்கள் என்று பிரிக்கலாம். பிடித்த முடிவு வரும் வரை பிரித்துக்கொண்டே போகலாமே?

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்
அருள், நல்ல கேள்வி. வெறுமனே பிரித்தால் மட்டும் முடிவு திரும்பிவிடாது. இரண்டு விஷயங்கள் ஒன்றாக அமைய வேண்டும். அந்தப் பிரிவுகளின் தேர்ச்சியில் பெரிய இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு பள்ளிகளிலும் அந்தப் பிரிவுகளின் கலவை வேறாக இருக்க வேண்டும். பதிவெண் ஒற்றையா இரட்டையா என்று பிரித்துப் பாருங்கள், இரண்டு பள்ளியிலும் பாதிக்குப் பாதி வரும், எதுவும் திரும்பாது. இங்கே வழிகளுக்கு இடையே இடைவெளி 20-ம் 16-ம். கலவையோ கிட்டத்தட்டத் தலைகீழ். திரும்புவதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது.

இது சின்ன ஊர் விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. தேர்வின் மொழிப் பகுதியில் 1981-இல் சராசரி 504. 2002-லும் 504. இருபது வருடத்தில் ஒன்றுமே நகரவில்லை என்று தோன்றும். வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பிரிவும் முன்னேறியிருந்தது. அன்று எழுதியவர்களில் சுமார் 85 சதவீதம் வெள்ளையர், 2002-இல் சுமார் 65 சதவீதம். முன்பு சராசரி குறைவாக இருந்த பிரிவுகளிலிருந்து அதிகம் பேர் எழுத வந்தார்கள். அந்த நல்ல மாற்றமே மொத்தச் சராசரியை அசையாமல் பிடித்து வைத்தது.

ஜெயந்தி
நான் இதையெல்லாம் படித்துவிட்டு ரொம்பக் குழம்பிப் போய்விட்டேன். என் பையனை வரும் வருடம் ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். இரண்டு பள்ளியிலும் தமிழ் வழியில்தான் தேர்ச்சி குறைவு. அப்படியானால் ஆங்கில வழிதான் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? இவனுக்கு இங்கிலீஷ் என்றாலே பயம்.

பர்வீன்
ஜெயந்தி அக்கா, அந்த எண்களில் உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை. ஆங்கில வழியில் சேருகிற பிள்ளை பல இடங்களில் ஏற்கெனவே டியூஷன் போகிற, வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இருக்கிற பிள்ளை. தேர்ச்சி அதிகமாக இருப்பது வழியாலா, அந்தப் பிள்ளையாலா என்று இந்த நான்கு வரிகளை வைத்துப் பிரிக்க முடியாது. பயப்படுகிற பையனை இந்த எண்ணைப் பார்த்து மாற்றாதீர்கள்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு மறுப்பு இருக்கிறது. பிரிவு வாரியாகப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்பது போலச் சொல்கிறீர்கள். அதையும் மாற்றிக் காட்ட முடியும், நானே பார்த்திருக்கிறேன். முன்பு ஒரு தனியார் பள்ளியில் வேலை செய்தேன். ஏ பிரிவில் 60 பேர், 54 பேர் தேறுவார்கள். பி பிரிவில் 20 பேர், 8 பேர் தேறுவார்கள். அரையாண்டு முடிந்ததும் ஏ-வில் சுமாராக இருந்த 7 பேரை பி-க்கு மாற்றினார்கள். அந்த ஏழு பேரில் கடைசியில் 4 பேர் தேறினார்கள். ஏ பிரிவு 53-க்கு 50, அதாவது 90-லிருந்து 94 ஆனது. பி பிரிவு 27-க்கு 12, அதாவது 40-லிருந்து 44 ஆனது. இரண்டு பிரிவும் முன்னேறியதாகக் கூட்டத்தில் படித்தார்கள். தேறியவர்கள் முன்பும் 62, பின்பும் 62. ஒரு பிள்ளைகூட அதிகமாகத் தேறவில்லை. கைதட்டினார்கள், எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது, ஏனென்றால் அந்த ஏழு பேரும் என் வகுப்புப் பிள்ளைகள்.

அதனால் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் யாராவது வழி மாற்றப்பட்டார்களா என்று இரண்டு பள்ளியிலும் பார்க்காமல், அரசுப் பள்ளிதான் மேல் என்று நான் சொல்ல மாட்டேன்.

சுப்பு
நான் கூட்டிப் பாதியாக்கியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் சந்தேகம் முழுக்கத் தப்பில்லை. எங்கள் பக்கம் ஒரு பள்ளியில் சுமாராகப் படிக்கிறவர்களைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லி டிசி கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் எந்தப் பிரிவிலும் வர மாட்டார்கள். எழுதியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள்?

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்
பர்வீன் சொன்னதும் சுப்பு சொன்னதும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. பள்ளி தன் கையால் மாற்றக்கூடிய பிரிவை வைத்துப் பள்ளியை அளந்தால் அந்த அளவுகோலே வளையும். ஆறாம் வகுப்பில் சேரும்போது எந்த வழியில் இருந்தார்களோ அதை வைத்துப் பிரிப்பதுதான் சரி. நான் அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அருள்
இன்னொன்றையும் பாருங்கள். அரசுப் பள்ளி ஆங்கில வழியில் 50-க்கு 49. இன்னும் இரண்டு பேர் தவறியிருந்தால் 47, 94 சதவீதம். எங்கள் 95-க்குக் கீழே போயிருக்கும். எங்கள் தமிழ் வழியில் இன்னும் மூன்று பேர் தேறியிருந்தால் 33, அதாவது 82-க்குச் சற்று மேலே. மொத்தம் ஐந்து பிள்ளைகள், இந்தத் திரியே இருந்திருக்காது. தேர்வன்று இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால் மாறிவிடுகிற விஷயம் இது.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்
சரிதான், நீங்கள் பிடித்த இடம் சரியான இடம். ஒரு வருட எண்ணை வைத்து அரசுப் பள்ளி மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. நான்கைந்து வருடம் இதே பக்கம் சாய்ந்தால் சொல்லலாம். ஆனால் அதே ஐந்து பிள்ளைகளையும் மாற்றி எழுதிப் பாருங்கள்: உங்கள் பள்ளி 185, அவர்கள் 170. ஃப்ளெக்ஸில் 92.5-ம் 85-ம் வரும். இரண்டு வழியிலும் ஏறத்தாழ சமமாக நிற்கிற இரண்டு பள்ளிகளுக்கு நடுவே 7.5 புள்ளி இடைவெளி! அதில் பெரும்பகுதி கலவையால் வருவது. இதற்குக் காய்ச்சல் காரணம் ஆகாது.

அருள்
ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு தகப்பனாக எனக்கு அந்தக் கலவையும் முக்கியம். பக்கத்து பெஞ்சில் யார் உட்காருகிறார்கள் என்பதும் பிள்ளையின் படிப்பில் சேரும். அதைக் கணக்கிலிருந்து முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பர்வீன்
பக்கத்து பெஞ்சு முக்கியம் என்றால், உங்கள் பள்ளியின் தமிழ் வழி 40 பேருக்கும் அது முக்கியம்தானே, அண்ணா? அவர்கள் அந்த 160 பேரோடு ஒரே வளாகத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் நான்கில் ஒருவர் தவறியிருக்கிறார்.

தேன்மொழி
எல்லோருக்கும் நன்றி. எங்கள் தலைமையாசிரியர் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டச் சம்மதித்திருக்கிறார். அரசுப் பள்ளியில் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். வழி மாறியவர்கள், டிசி வாங்கியவர்கள் இரண்டையும் குறித்துக்கொண்டு வருகிறேன்.

தமிழ் வழியில் தவறிய பத்துப் பேரின் பட்டியலையும் பார்த்தேன். ஆறு பேர் கணக்கில் மட்டும் 35-ஐத் தொடவில்லை, மற்றப் பாடங்களில் தேர்ச்சி. அதில் ஒரு பெண் எங்கள் தெரு, 33 மதிப்பெண். துணைத் தேர்வுக்கு ஆறு பேரையும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் ஐயா, நீங்கள் எந்த ஊர் என்று தெரியவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் போனிலாவது சொல்லித்தர முடியுமா?

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்
முடியும் அம்மா. ஆறு பேரின் அரையாண்டு விடைத்தாள்களை முதலில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வரைபடமும் செய்முறை வடிவியலும் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, எங்கே தொடங்கலாம் என்று சொல்கிறேன்.