ஏசிக்கு ஏஎம்சியா, கூப்பிட்டா வந்து பாக்குற சர்வீஸா?

பாளை வாசி:
வீட்டுல ரெண்டு ஸ்ப்ளிட் ஏசி, ஒன்றரை டன், இன்வர்ட்டர். நாலு வருஷம் ஆச்சு, ராத்திரி மட்டும்தான் ஓடும். ஏஎம்சி, அதான் வருஷ பராமரிப்பு ஒப்பந்தம், போடச் சொல்லி போன் மேல போன். மூணு சர்வீஸோட ஒரு ஏசிக்கு 1,800, பார்ட்ஸும் சேர்த்துன்னா 4,500. தனியா கூப்பிட்டா ஒரு தடவைக்கு 600. எது லாபம்?

ஜங்ஷன் கடைக்காரர்:
யோசிக்காம போடுங்க அண்ணாச்சி. மே மாச வெயில்ல மெக்கானிக்கைப் பிடிக்கது குதிரைக் கொம்பு. போன வருஷம் கடை ஏசி நின்னுச்சு, ஏஎம்சி இருந்ததால மறுநாளே வந்தாங்க. வருஷா வருஷம் கேஸ் வேற போடணும்லா, அந்தச் செலவும் மிச்சம்.

வள்ளியூர் மெக்கானிக்:
கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடக் குறைய? குறைஞ்சா எங்கயோ லீக்குன்னு அர்த்தம். அந்த 1,800ல கேஸ் கிடையாது, அது வெறும் கூலி. மூணு சர்வீஸை 600ஆல பெருக்கிப் பாருங்க, அதே காசுதான். ராத்திரி மட்டும் ஓடுற ஏசிக்கு மார்ச்ல ஒண்ணு, மழைக்கு முன்னால ஒண்ணு போதும். ஒரு ஏசிக்கு 1,200ல முடிஞ்சது.

4,500க்கு முன்னால பழைய பில்லை எடுங்க. பல இன்வர்ட்டர் ஏசிக்கு கம்ப்ரஸருக்கு 10 வருஷ வாரன்டி உண்டு. இருந்தா அதுக்கே திரும்பக் காசு கொடுக்கீங்க. ஆனா அந்த வாரன்டியில கம்ப்ரஸர் மட்டும்தான் சும்மா வரும், மாத்துற கூலியும் கேஸும் பெரும்பாலும் நம்ம தலையில. அப்போ ஒப்பந்தத்தில பாக்க வேண்டியது இந்தக் கூலி, கேஸோட சர்க்யூட் போர்டும் காயிலும் வருதான்னுதான்.

உவரிக்காரன்:
அந்தக் காயில் கதையத்தான் நான் சொல்லணும். நம்ம வீடு கடலுக்குப் பக்கம். முழு ஏஎம்சி போட்டிருந்தேன். ரெண்டு தடவை கேஸ் அடிச்சிட்டுப் போனாங்க. மூணாவது தடவை, "உப்புக்காத்துல காயில் அரிச்சிருக்கு, இது ஒப்பந்தத்தில வராது"ன்னுட்டாங்க. தாள்ல பொடி எழுத்துல இருந்திருக்கு, நான்தான் பாக்கல.

பாளை வாசி:
கேஸ் கம்மின்னு சும்மா சொன்னா எப்படிக் கண்டுபிடிக்கது?

வள்ளியூர் மெக்கானிக்:
முதல்ல ஃபில்டரைக் கழுவுங்க. அதுல தூசி அடைச்சாலும் காயில்ல ஐஸ் கட்டும், கூலிங் குறையும். கழுவி, ஐஸ் முழுசா உருகினப்புறம் ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறமும் வெளி யூனிட்ல மெல்லிய பைப்புல ஐஸ் பிடிச்சா லீக்கா இருக்கலாம். அப்போ நைட்ரஜன் ஏத்தி, சோப்புத் தண்ணி தடவி ஓட்டையைக் காட்டச் சொல்லுங்க. அடைச்சு, வேக்குவம் போட்டு உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி, வெளி யூனிட் ஸ்டிக்கர்ல இருக்கிற கிராம் கணக்குக்குத் தராசு வச்சு நிரப்பணும். உவரி அண்ணாச்சிக்கு ரெண்டு தடவையும் ஓட்டையைத் தேடவே இல்ல.

ஜங்ஷன் கடைக்காரர்:
எல்லாஞ் சரி வே, என் ஏசி காலையில ஒம்பதுல இருந்து ராத்திரி ஒம்பது வரை ஓடுது. மே மாசம் கூப்பிட்டா நீரு மறுநாள் வருவீரா?

வள்ளியூர் மெக்கானிக்:
கடைக்குப் போடுங்க, நான் வேண்டாங்கல. மே மாசம் எனக்கே மூணு நாள் ஆகும்.

பாளை வாசி:
பில்லைத் தேடுதேன், ஒண்ணுதான் கிடைச்சிருக்கு. இன்னொண்ணை வீட்டம்மா பழைய பேப்பரோட போட்டுட்டாங்க போல.