நெகட்டிவ் அமார்ட்டைசேஷன்: தமிழில் என்ன சொல்வது?

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். கட்டற்ற மென்பொருளான ஒரு கடன் கணிப்பானைத் தமிழாக்கி வருகிறேன். ஒரு சொல்லில் மூன்று நாட்களாக நின்றுவிட்டேன். மாதத் தவணை அந்த மாத வட்டிக்கே போதாமல் போய், கட்டாத வட்டி அசலில் ஏறி, கடன் கூடிக்கொண்டே போகும் நிலை இது. நெகட்டிவ் அமார்ட்டைசேஷன் என்கிறார்கள். பழைய கோப்பில் ‘எதிர்மறைக் கடன் தீர்ப்பு’ என்று இருக்கிறது. படித்தால் நீதிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆண்டு வட்டி 9.25 சதவீதம், மாதத் தவணை 19,458 ரூபாய், பாக்கி 29,60,000 ரூபாய் என்று கொடுத்து, எத்தனை மாதத்தில் கடன் தீரும் என்று விரிதாளில் கேட்டால் இப்படி வருகிறது:

```
=NPER(9.25%/12, -19458, 2960000)
#NUM!
```

இந்தத் தவணையில் கடன் எந்நாளும் தீராது என்பதே அந்தப் பிழைக்குறியின் பொருள். அதைத் தமிழில் சொல்லும் ஒரு வரி வேண்டும். அந்த வரிக்குள் இருக்க ஒரு சொல்லும் வேண்டும்.

சண்முகம்:
இதற்குப் புதுச்சொல் எதற்கு, அம்மா? வட்டி குட்டி போடுகிறது என்று ஊரில் சொல்வதுதானே இது. ‘கூட்டு வட்டி’ பள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது. அதையே போட்டுவிடலாம்.

இராமநாதன்:
சண்முகம் ஐயா சொல்வது பாதி சரி. வட்டி அசலில் சேர்ந்த பிறகு அதற்கும் வட்டி ஓடுகிறது. அந்த அளவில் கூட்டு வட்டிதான். ஆனால் கூட்டு வட்டி என்பது கணக்கிடும் முறை. வைப்பு நிதியிலும் அது உண்டு. இங்கே பெயர் வைக்க வேண்டியது, தவணை ஒழுங்காகக் கட்டியும் பாக்கி ஏறுகிற நிலைக்கு. தவணை தவறியவர் கணக்கில் பாக்கி ஏறினால் யாரும் வியப்படைய மாட்டார்கள். இவரோ ஒரு மாதமும் தவறாதவர். வங்கியின் ஏட்டில் நல்ல கணக்கு.

கயல்விழி கொடுத்த எண்கள் எனக்குப் பழக்கமானவை. என் தம்பி மகளின் வீட்டுக் கடன் ஏறக்குறைய இதே கணக்குதான். 2021 தொடக்கத்தில் 30 லட்சம், 30 ஆண்டு, மாறும் வட்டி 6.75 சதவீதம். தவணை 19,458 ரூபாய். முதல் மாத வட்டி 16,875 போக 2,583 ரூபாய் அசலில் கழிந்தது. பிறகு 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. அவளுடைய வட்டி 9.25 ஆனது. தவணையை மட்டும் வங்கி தொடவில்லை. மாதாமாதம் அதே தொகை போனதால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

ஒருநாள் கணக்கு அறிக்கையை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு வரிகள் இருந்தன: பற்றில் வட்டி, வரவில் தவணை. அளவுகோலை வைத்து ஒவ்வொரு மாதமாக இறக்கிக்கொண்டே வந்தோம். பாக்கி 29,60,000 இருந்த மாதத்தில் வட்டி 22,817, தவணை 19,458. குறைந்த 3,359 ரூபாய் அடுத்த வரியில் அசலாகிவிட்டது. அதனால் அடுத்த மாத வட்டி 22,843, குறைவு 3,385. அப்படியே ஓர் ஆண்டு போனால் 42,000 ரூபாய்க்கு மேல் ஏறி, பாக்கி 30,02,000-ஐத் தாண்டும். வாங்கிய கடனைவிடக் கூடுதல்! அவள் அளவுகோலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். வங்கிக்குப் போய்த் தவணையை உயர்த்தக் கேட்டு எழுதிக் கொடுத்தோம்.

பெரும்பாலும் வங்கிகள் முதலில் மாதங்களை நீட்டிப்பார்கள். 240 மாதம் 300 ஆகும். ஆனால் தவணை வட்டிக்குக் கீழே போய்விட்டால் எத்தனை மாதம் நீட்டினாலும் பயனில்லை. அதனால்தான் 2023 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், காலத்தை நீட்டுவது இந்த நிலையில் கொண்டுபோய் விடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்னது.

பாத்திமா:
எனக்கும் இதேதான் நடக்கிறது! ஐந்து வருடமாக நகைக்கடன். ஆண்டுக்கு ஒருமுறை வட்டியைக் கட்டி மறு அடகு வைக்கிறேன். கடன் ஒரு ரூபாய் குறையவில்லை. எனக்கும் இந்தச் சொல் பொருந்துமா?

இராமநாதன்:
பொருந்தாது, பாத்திமா அம்மா. நீங்கள் வட்டியை முழுதாகக் கட்டுகிறீர்கள். கடன் நின்ற இடத்தில் நிற்கிறது, ஏறவில்லை. வட்டியையும் கட்டாமல் அதையும் சேர்த்துப் புதுக்கடனாக எழுதினால்தான் ஏறும். நல்ல வேளை கேட்டீர்கள். எல்லை எங்கே என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. தவணை வட்டிக்கு மேலிருந்தால் கடன் தேயும், சமமாக இருந்தால் நிற்கும், கீழே போனால் ஏறும்.

கயல்விழி:
அப்படியானால் ‘வளர்கடன்’ எப்படி? வளர்பிறை, தேய்பிறை போல வளர்கடன், தேய்கடன். வினைத்தொகையாக அழகாக நிற்கிறது. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் கடன் எல்லாம் ஒரே சொல்லில்.

தேவகி:
கயல், எனக்கு இந்தச் சொல்லைப் பார்த்ததுமே அச்சம் வந்தது. ‘வளர்’ தமிழில் நல்ல சொல். பிள்ளை வளர்கிறது, பயிர் வளர்கிறது, தொழில் வளர்கிறது. நாளைக்கு ஏதாவது ஒரு நிதி நிறுவனம் ‘வளர்கடன் திட்டம்’ என்று சுவரொட்டி அடித்தால் மக்கள் வரிசையில் நிற்பார்கள். எச்சரிக்க வேண்டிய சொல் அழைப்பிதழ் ஆகிவிடக்கூடாது. ‘தேய்கடன்’ பற்றியும் எனக்குத் தயக்கம்தான்; கணக்கியலில் தேய்மானம் என்றால் இயந்திரமும் கட்டடமும் மதிப்பிழப்பது.

‘ஏறுகடன்’ என்று வையுங்கள். விலை ஏறுகிறது, காய்ச்சல் ஏறுகிறது, பாக்கி ஏறுகிறது. இரண்டு பேரும் விளக்கும்போது ‘ஏறுகிறது’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஜெயசீலன்:
ஏறுகடன் கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு சிக்கல் மட்டும். மேற்கொண்டு கடன் வாங்கினாலும் கடன் ஏறும். கல்விக் கடனில் படிக்கும் காலத்து வட்டி சேர்ந்தாலும் ஏறும். 2020-இல் ஆறு மாதம் தவணை ஒத்திவைத்தவர்களுக்கும் ஏறியது. காரணம் தவணையின் போதாமை என்பது சொல்லில் தெரிய வேண்டாமா? நான் ‘வட்டி எட்டாத் தவணை’ என்று வைப்பேன். அமெரிக்காவில் 2008-க்கு முன்பு இதையே திட்டமாக விற்றார்கள். மாதாமாதம் எவ்வளவு கட்டுவது என்று கடன் வாங்கியவரே தேர்ந்துகொள்ளலாம். மிகக் குறைந்த தொகை வட்டியைக்கூட எட்டாது. பாக்கி ஒரு வரம்பைத் தொட்டதும், பல ஒப்பந்தங்களில் முதல் கடனின் 110 அல்லது 125 சதவீதத்தில், தவணை ஒரேயடியாக உயரும். அங்கே குற்றம் தவணையில்தான் இருந்தது.

சண்முகம்:
தவணைக்கு ஒரு சொல், கடனுக்கு ஒரு சொல் என்று இரண்டும் இருக்கட்டுமே. கூட்டு வட்டி என்று நான் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் அசல் என்பதைவிட ‘முதல்’ என்றுதான் அதிகம் சொல்வோம். அதையும் பாருங்கள்.

தேவகி:
‘எட்டாத் தவணை’ என்று சுருக்கினால் கைக்கு எட்டாத, கட்ட முடியாத பெரிய தவணை என்று படிப்பார்கள். ‘வட்டி’யை விடவே கூடாது.

கயல்விழி:
திரையில் வரும் வரியை இப்போதைக்கு இப்படி ஏற்றுகிறேன்: “மாத வட்டி ரூ. 22,817. உங்கள் தவணை ரூ. 19,458. தவணை வட்டியை எட்டவில்லை. கடன் மாதாமாதம் ஏறும்.” சொற்பட்டியலில் ‘ஏறுகடன்’, ‘வட்டி எட்டாத் தவணை’ இரண்டையும் பரிந்துரை என்ற குறியோடு வைக்கிறேன். தவணை கட்டக் கட்டக் கடன் குறைந்து தீர்வதை அமார்ட்டைசேஷன் என்கிறார்களே, அதற்குச் சொல் இன்னும் இல்லை. ‘தேய்கடன்’ வேண்டாம் என்றால், தவணை அட்டவணையின் தலைப்புக்கு என்ன போடுவது என்று இராமநாதன் ஐயா சொல்லுங்கள். உங்கள் வங்கிக் கிளையில் அந்தத் தாளை என்ன பெயரில் கேட்பார்கள்?