புதுப்பிப்பு: பகோடா பாயிண்ட் பாறைக்கு எல்ஓடி

"ஏற்காடு பாறை ஸ்கேன், 20 லட்சம் முக்கோணம். தூரத்துக்கேற்ப முக்கோணம் குறைத்த வடிவங்களை, அதாவது எல்ஓடி நாலைந்தை, இன்னும் கையால்தான் செய்யணுமா?" இதுதான் நான் கேட்டிருந்தது.

பாறைக்கு வேண்டாம். சேலத்தில் என்ஜின் எழுதும் அண்ணன் ஒருவர் உட்கார்ந்து காட்டினார். பாறையின் முக்கோண வலையான மெஷ்ஷை, 128 முக்கோணம் கொண்ட மெஷ்லெட் என்னும் துண்டுகளாக வெட்டினால் சுமார் 15,600 வருகிறது. பக்கத்துப் பக்கத்து நான்கைச் சேர்த்து, அந்தக் கூட்டத்தின் வெளி விளிம்பைப் பூட்டி, உள்ளே 512 முக்கோணத்தை 256 ஆக்கி, மறுபடி இரண்டாக வெட்ட வேண்டும். இப்படியே மட்டம் மட்டமாக மேலே. ஓடும்போது, அசலிலிருந்து விலகும் பிழை திரையில் ஒரு பிக்சலுக்குள் அடங்கும் மட்டங்களில் மிக முரடானதை ஜிபியு கூட்டம் கூட்டமாகத் தேர்ந்தெடுக்கிறது. காலடியில் பாறை நுணுக்கமாகவும் அதன் பின்முனை முரடாகவும் ஒரே நேரத்தில் வரும். கையால் செய்த எல்ஓடியில் முழுப் பாறையும் சட்டென்று மாறும்.

"முக்கோணத்தைத் தானாகக் குறைப்பது பிளெண்டர் மென்பொருளிலேயே இருக்கே" என்றார் நண்பர். பாதி சரி. விரிசல் விழாமல் மட்டங்களைக் கலப்பதுதான் விஷயம். அதற்கு ஒவ்வொரு மட்டத்திலும் வேறு மெஷ்லெட்களைச் சேர்த்துக் கூட்டத்தை மாற்றிப் போட வேண்டும். இல்லாவிட்டால் பூட்டிய விளிம்பு அப்படியே நின்று, வயர்ஃப்ரேமில் பொடி முக்கோணங்கள் தையல் போட்டது போலத் தெரியும்.

பாறைக்குச் சரி, காபிச் செடிதான் இழுத்தடிக்கிறது. இலைகள் ஒட்டாத துண்டுகள் என்பதால் குறைக்கக் குறைக்க அவை காணாமல் போய், தூரத்தில் செடி மொட்டையாகிறது. மிஞ்சும் இலைகளைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், இன்னும் திருப்தியில்லை. அப்புறம், மொபைல் கேமில் மரம் திக்குகிறது என்று கேட்ட தம்பிக்கு: அங்கே இப்போதைக்குப் பழைய எல்ஓடியே போதும்.