அழைப்பிதழில் ‘திரு’வா ‘திருமதி’யா: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கல்முனையில் எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு நிகழ்வுக்கு அறுபது பேருக்கு அழைப்பிதழ் அனுப்பவேண்டியுள்ளது. கையிலுள்ள பட்டியலில் ‘எம். ஐ. நஸ்மி’ என்பதுபோல முதலெழுத்துகளும் பெயரும் மட்டுமே இருப்பதால், பலர் ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. சென்ற ஆண்டு ஓர் ஆசிரியைக்கு ‘ஜனாப்’ என்று எழுதிவிட்டோம். அவர் அந்தச் சொல்லை நீல மையால் வெட்டி, உறையைத் திருப்பிக் கொடுத்தது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

சிலருக்கு அடையாள அட்டை இலக்கம் உள்ளது. பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படுவதால், அந்த இடத்தில் 612 இருந்தால் பெண், 112 இருந்தால் ஆண். ஆயினும் திருமதியா செல்வியா, ஹஜ் செய்தவரா என்பதை அது சொல்லாது. வேறு தேவைக்குப் பெற்ற இலக்கத்தை இதற்குப் பார்ப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே அடைமொழியை விட்டு, ‘மதிப்பிற்குரிய எம். ஐ. நஸ்மி அவர்களுக்கு’ என்று எழுத எண்ணுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மூத்தவர்கள் இதை மரியாதைக் குறைவாகக் கருதுவார்களா? தொலைபேசியில் முன்கூட்டியே கேட்பதாயின், மனம் நோகாமல் எப்படிக் கேட்பது? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.