செயற்கைக்காலுக்கு லீவு கேட்ட கதை

வெள்ளவத்தைக்காரி: எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. பழைய செயற்கைக்காலில் மிச்சக் கால் நுழையும் கிண்ணமான சொக்கெட் தளர்ந்து, மூன்று உறை போட்டும் ஆடியது. புதியதற்குப் போகிறேன் என்று 2 நாள் லீவு கேட்டு, "செயற்கைக்கால் மாற்ற வேண்டும்" என்ற ஒரு வரி டாக்டர் துண்டை இணைத்தேன். உடனே தந்தார்கள். மூன்றாம் தடவை கேட்டபோதுதான் மேலாளர், "கால் பூட்டியாச்சுதானே, இன்னும் என்ன?" என்றார். தப்பு என்னுடையதுதான். பல்லுப் பிடுங்கப் போவதுபோல எழுதியிருந்தேன்.

பட்டறை அண்ணை: இருபது வருடம் கால் செய்தவன் சொல்கிறேன். அளவெடுக்கப் பிளாஸ்டர் சுற்றும் அன்று கால் எப்படி இருக்கிறதோ, அந்த வடிவம்தான் கிடைக்கும். பிறகு போட்டு நடந்து பார்த்தால்தான் எங்கே அழுத்துகிறது என்று தெரியும். கழற்றியதும் சிவந்திருக்கும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால், கொப்புளம் வந்தால், திரும்ப வரத்தான் வேண்டும். அதனால் கடைசித் தேதியை எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. துண்டிலும் அதை எழுதுவியுங்கள்.

மட்டக்குளி தம்பி: ஏன் கெஞ்சுகிறீர்கள்? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, தனி லீவு தந்தே ஆக வேண்டும்.

பட்டறை அண்ணை: தம்பி, அந்தச் சட்டம் பாகுபாடு காட்டாதே என்கிறது, லீவுக் கணக்கு அதில் இல்லை. தனியார் கடை, அலுவலகம் என்றால் வருடத்துக்கு 7 நாள் சாதாரண லீவு, 14 நாள் வருடாந்த லீவு. சுகமில்லாததும் அந்த 7க்குள்தான்.

தெஹிவளை மாமி: என் மகனுக்குக் காது மெஷின் மாற்ற ஒரே நாள்தான் ஆனது. நீங்கள் ஏன் கால் செய்ய வேறு இடம் பார்க்கக்கூடாது?

வெள்ளவத்தைக்காரி: மாமி, காதும் காலும் ஒன்றில்லையே! சரி, அண்ணை சொன்னபடி டாக்டரிடம் புதிதாகத் துண்டு வாங்கிக் கொடுத்தேன். அளவெடுக்க 1 நாள், போட்டுப் பார்க்க 1 நாள், நடைப் பயிற்சிக்கு 3 நாள், பிறகு திருத்தத்துக்கு இரண்டு அரைநாள். "புண் ஏற்பட்டால் மேலும் வர நேரிடலாம்" என்று கீழே ஒரு வரி. மொத்தம் 6 நாள். சாதாரண லீவு 4தான் மிச்சம், 2ஐ வருடாந்தத்தில் கழிக்கும்படி நானே எழுதிவிட்டேன். முதல் இரண்டு வாரம் களஞ்சியத்துக்குப் போய் சரக்கு எண்ணும் வேலை வேண்டாம் என்றும் டாக்டர் போட்டிருந்தார். மேலாளர் முதலில் வாசித்தது அந்த வரியைத்தான். "அப்போ மேசை வேலைக்கு வருவீங்கள்தானே?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

மட்டக்குளி தம்பி: பழைய காலை ஒப்படைத்தீர்களா?

வெள்ளவத்தைக்காரி: இல்லை. புதியது பழகும்வரை கட்டிலுக்குக் கீழேதான். அரைநாள் இரண்டையும் எச்.ஆர். ஒரு நாளாகப் போடுவதா, இரண்டு நாளாகப் போடுவதா என்று இன்னும் சொல்லவில்லை. யாருக்காவது இரண்டு நாளாகக் கழித்திருக்கிறார்களா?