புதுப்பிப்பு: கடை வாடகை ஏற்றத்துக்கு என்ன கேட்டேன்

முன்னாடி கேட்டது: "கடைக்கு 5 வருஷ ஒப்பந்தம், வாடகை 20,000. ஓனர் வருஷம் 10% ஏத்தணும்ங்கிறார். நியாயமா எவ்வளவு கேக்கலாம்?"

பதில் போட்டவங்களுக்கு நன்றி. அட்வான்ஸைக் குறைக்க வழி சொன்ன அண்ணே, அது வேற பஞ்சாயத்து!

"சட்டப்படி 5%க்கு மேல ஏத்த முடியாது"ன்னு ஒருத்தர் சொன்னார். அப்படி உச்சவரம்பு எதுவும் இல்லை. 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டம் ஏற்றத்தை ஒப்பந்தத்துக்கே விட்டிருக்கு. ஆனா எழுதாத ஏற்றத்தை ஓனர் நடுவுல இஷ்டத்துக்குத் திணிக்க முடியாதுங்கிற அளவுல அவர் சொன்னது சரி.

கண்ணைத் திறந்தது பத்திரம் எழுதுற அக்கா கேட்ட கேள்விதான்: "10% எதுக்கு மேல?" முதல் வாடகை மேலன்னா அஞ்சாம் வருஷம் 28,000. போன வருஷ வாடகை மேலன்னா 29,282. ஓனரோட வரைவுல வெறும் "10% உயர்வு"ன்னுதான் இருந்துச்சு. அதைக் கவனிக்காம கையெழுத்துப் போட இருந்தேன்.

நான் போன வருஷ வாடகை மேல 5% கேட்டேன், அஞ்சாம் வருஷம் 24,310. ஓனர் டீயை ஆத்திக்கிட்டே, "தம்பி, சொத்துவரி ஏறுனா?"ன்னார். கடைசியில 6%க்கு வந்தோம். சதவீதத்தையே எழுதாம, நூறு ரூபாய்க்கு முழுசாக்கி, வருஷவாரியா ரூபாயைப் போட்டாச்சு: 20,000, 21,200, 22,500, 23,800, 25,200. ஏற்றம் எந்தத் தேதியிலிருந்துன்னும் எழுதியிருக்கு. அஞ்சு வருஷங்கிறதால பதிவும் பண்றோம்.

சொத்துவரி ஏறுனா யார் கட்டுறதுன்னு இன்னும் இழுபறி. ஏறுற தொகையில பாதின்னு கேட்டிருக்கேன், ஞாயித்துக்கிழமை சொல்றேன்னிருக்கார்.